நாரிப் பிடிப்பு என்று சொல்லி மூடி வைத்தது போதும்



கொஞ்சம் நீளமான பதிவு. வாசிக்க நேரமில்லாதவர்கள் சேவ் பண்ணி வைத்து இரவைக்கு வாசியுங்கள். ஆனால் பாதியில் விட்டுவிட்டு "நாரி வலிக்கு இந்த எண்ணெய் நல்லம்" என்று எழுத வேண்டாம். அந்த எண்ணெயைப் பற்றித்தான் இந்தப் பதிவே.

எங்கள் ஊரில் இடுப்புக்குக் கீழே எங்கே வலித்தாலும் ஒரே பெயர்தான்: நாரிப் பிடிப்பு. வயல் வேலை செய்த காக்காவுக்கும் நாரிப் பிடிப்பு, பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் நாரிப் பிடிப்பு, காலுக்கு வலி இறங்கி நடக்க முடியாமல் கிடப்பவருக்கும் நாரிப் பிடிப்பு. பெயர் ஒன்றாகிவிட்டால் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது. உருவு, எண்ணெய் போடு, கட்டு, கிட. இந்த ஒரே பெயர் எங்கள் அயலில் ஒரு பெண்ணை வாழ்நாள் முழுக்க டியூபோடு வாழ விட்டிருக்கிறது. அவர் சம்மதம் தந்த பிறகுதான் எழுதுகிறோம். பெயரும் ஊரும் சொல்ல மாட்டோம். ராத்தா என்று மட்டும் சொல்கிறோம்.

நாங்கள் டொக்டர் இல்லை. தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியர்கள். முள்ளந்தண்டையும் முண்ணாணையும் கரும்பலகையில் கீறிக் காட்டி, பெயர் எழுதச் சொல்லி, புள்ளி போட்டவர்கள். அந்தப் படத்தில் கீழே ஒரு கொத்தாகத் தொங்குகிற நரம்புகளை வெறும் கோடுகளாகக் கீறிவிட்டுப் போனதற்காக எங்கள் மேலேயே எங்களுக்குக் கோபம் இருக்கிறது.

முதலில் பயப்படத் தேவையில்லாத வலியைச் சொல்லிவிடுகிறோம். காலுக்கு இறங்குகிற நாரி வலியில் மிகப் பெரும்பாலானது அந்த வகைதான்.

முள்ளென்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க். அது வெளியே பிதுங்கி, பக்கத்தால் போகிற ஒரு நரம்பு வேரை அழுத்தினால் வலி நாரியில் நிற்காது. பிட்டத்தால் இறங்கி, தொடையால் போய், முழங்காலுக்குக் கீழேயும் ஓடும். எந்த நரம்பு என்பதை வலி ஓடுகிற பாதையே ஓரளவு சொல்லிவிடும். கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தால் பெருவிரல் வரைக்கும் போனால் ஒரு நரம்பு, கெண்டையின் பின்பக்கத்தால் சின்ன விரலுக்கும் உள்ளங்காலுக்கும் போனால் அதற்கு அடுத்த நரம்பு. இருமும்போதும் தும்மும்போதும் மின்சாரம் அடித்த மாதிரி இருக்கும். ஒரு காலில் மட்டும் இருக்கும். இதைத்தான் சயாட்டிகா என்கிறார்கள்.

வேதனை பொல்லாதது. ஆனாலும் ஆபத்து குறைவு. பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு கிழமைகளில் நன்றாகக் குறைந்துவிடும். பிதுங்கிய துண்டை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துச் சுருக்கிவிடுகிறது. பாயில் கிடப்பதால் இது வேகமாவதில்லை. முடிந்த அளவு எழும்பி நடமாடுவதுதான் நல்லது.

இங்கேதான் எங்களுடைய முதலாவது சண்டை. எங்கள் ஸ்டாப் ரூமில் ஒரு சேர். ஒரு கால் வலியோடு ஐந்து கிழமை திரிந்தார். அவருக்கு வேறு எந்தக் குறியும் இல்லை. டொக்டர் "கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னது இவருக்குத் திருப்தியில்லை. கடன் வாங்கித் தனியார் இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தார். ரிப்போர்ட்டில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. அன்றிலிருந்து மனுசன் குனியவே பயந்தார். தொழுகையைக் கதிரைக்கு மாற்றினார், பையைப் பிள்ளைகளிடம் தூக்கக் கொடுத்தார். பத்தாவது கிழமை வலி தானாக இறங்கிவிட்டது. ஸ்கேன் அவருக்கு மாற்றியது ஒன்றுமில்லை, பயத்தைக் கூட்டியதைத் தவிர.

டிஸ்க் பிதுங்கல் என்பது வலியே இல்லாதவர்களிடமும் இருக்கிறது. நாரி வலி இல்லாத ஆட்களைப் பிடித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே பத்தில் மூன்று பேருக்கு டிஸ்க் பிதுங்கல் இருக்கிறது. எண்பது வயதில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல். அதாவது படத்தில் பிதுங்கல் தெரிவது நரை முடி தெரிவது மாதிரி. அதனால்தான் நல்ல டொக்டர் முதல் நாளே ஸ்கேனுக்கு எழுதுவதில்லை. அவருக்கு அக்கறை இல்லை என்று அர்த்தம் இல்லை.

ஆனால் அதே ஸ்கேனை அன்றைக்கே, இரவென்றாலும் எடுக்க வேண்டிய ஒரு நிலை இருக்கிறது. வேண்டாதவர் கடன் வாங்கி எடுக்கிறார், வேண்டியவர் வெட்கப்பட்டு வீட்டில் கிடக்கிறார். எங்கள் சமூகத்தின் கணக்கு இப்படித் தலைகீழாக நிற்கிறது.

அந்த நிலை என்ன? முண்ணாண் முள்ளந்தண்டின் அடி வரைக்கும் போவதில்லை. இடுப்பின் மேல்பகுதியில், முதலாம் இரண்டாம் இடுப்பு முள்ளென்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் தனித்தனியாக ஒரு கொத்தாகத் தொங்குகின்றன. பார்க்கக் குதிரை வால் மாதிரி இருப்பதால் வைத்தியர்கள் அந்தப் பெயரையே லத்தீனில் வைத்திருக்கிறார்கள். கோடா எக்குவைனா. நாங்கள் வெறும் கோடுகளாகக் கீறிய அதே கொத்து.

பக்கத்தில் பிதுங்கிய டிஸ்க் ஒரு நரம்பைத்தான் அழுத்தும். நடுவில் பெரிதாகப் பிதுங்கிய டிஸ்க் இந்தக் கொத்து முழுவதையும் நசுக்கும். அந்தக் கொத்தின் நடுவில் போகிற மெல்லிய நரம்புகள்தான் சிறுநீர்ப்பையையும் மலவாசலையும் மறைவிடத்தின் உணர்ச்சியையும் கணவன் மனைவி உறவையும் நடத்துகின்றன. அவை கால் நரம்புகளைப் போலத் தாக்குப்பிடிப்பதில்லை. நசுங்கிய நேரம் கூடக் கூட, திரும்பி வருவதற்கான வாய்ப்பு குறைகிறது.

இப்போது ராத்தாவின் நாட்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். ஒவ்வொரு நாளும் எங்கே ஒரு கதவு திறந்திருந்தது என்று பாருங்கள்.

ராத்தாவுக்கு 43 வயது. வீட்டில் தையல். மூன்று கிழமையாக வலது காலில் வலி. பெருவிரல் வரைக்கும் இறங்கும். கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது வரைக்கும் சாதாரண சயாட்டிகா, அங்கே பிழை ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை பகல் காஸ் சிலிண்டரை அரக்கினார். நாரிக்குள் என்னமோ விட்டுக்கொடுத்த மாதிரி இருந்ததாம். இரவுக்குள் வலி இடது காலுக்கும் வந்துவிட்டது. ஒரு காலில் இருந்த வலி இரண்டு காலுக்கும் வருவது முதலாவது சிவப்பு விளக்கு. வீட்டில் சொன்னது: "மற்றக் காலுக்கும் பிடிச்சிட்டு."

வெள்ளிக்கிழமை காலை கழிவறையில் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது கை படுவது தெரியவில்லை. "வேற ஆளுட உடம்பக் கழுவுற மாதிரி இருந்திச்சு" என்று பிறகு சொன்னார். தண்ணீர் குளிரா என்றும் தெரியவில்லை. குதிரையில் உட்கார்ந்தால் சேணம் எங்கெல்லாம் படுமோ, அந்த இடமெல்லாம் மரத்துப்போயிருந்தது. மறைவிடம், மலவாசலைச் சுற்றி, தொடைகளின் உட்பக்கம். இது இரண்டாவது விளக்கு. எல்லாவற்றிலும் பிரகாசமானது. ஒவ்வொரு முறையும் தண்ணீரால் சுத்தம் செய்கிற எங்களுக்கு இந்த விளக்கு மற்ற எவரையும் விட முந்தித் தெரிய வேண்டும். தெரிந்தது. ஆனால் யாரிடம் சொல்வது? கணவரிடம் வெட்கம். மகனிடம் எப்படிச் சொல்வது. மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிற நேரம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சிறுநீர் போக முக்க வேண்டியிருந்தது. வயிறு நிரம்பின உணர்வும் இல்லை. சூடு என்று நினைத்து இளநீரும் பார்லித் தண்ணீரும் குடித்தார். வெளியே போகாத பைக்குள் இன்னும் தண்ணீரை ஊற்றினார் என்று இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை உருவுகிற ஆள் வந்தார். அவர் மேல் கெட்ட எண்ணம் இல்லை, அவர் கை தொட்டுச் சுகமானவர்கள் எங்கள் குடும்பத்திலும் இருக்கிறார்கள். ஆனால் அவர் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. உருவினார், கட்டினார், மூன்று நாள் அசையாமல் கிடக்கச் சொன்னார். அன்று இரவு வலி குறைந்தது! வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். வலி குறைந்தது எண்ணெயால் என்று நினைத்தார்கள். மரப்புக் கூடிக்கொண்டு போகும்போது வலி குறைந்தால் அது சுகமாவது இல்லை, நரம்பு பேச்சை நிறுத்துகிறது.

அதே இரவு உடுப்பு நனைந்தது. "அல்ஹம்துலில்லாஹ், சிறுநீர் போகுது" என்று நினைத்தார். உண்மையில் நடந்தது வேறு. பை விளிம்பு வரை நிரம்பி, மேலால் வழிந்துகொண்டிருந்தது. நிரம்பின வாளியிலிருந்து தண்ணீர் வழிவது வாளி காலியாகிறது என்று அர்த்தமில்லையே. சாதாரண ஆளுக்கு 300, 400 மில்லிலீட்டர் வரும்போதே போக வேண்டும் போல இருக்கும். ஞாயிறு காலை கால் மடிந்து விழுந்தபிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் டியூப் போட்டபோது வந்தது 1,100 மில்லிலீட்டர்.

அந்த ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. இல்லை. அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இரவு ஸ்கேன் எடுத்து, திங்கள் விடியப்புறம் ஒபரேஷன் செய்தார்கள். நாலாம் ஐந்தாம் இடுப்பு முள்ளென்புகளுக்கு நடுவில் பெரிய டிஸ்க் துண்டு கொத்தை முழுக்க அடைத்திருந்தது. ஒபரேஷனில் பிழையில்லை. துண்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை காலைக்கும் திங்கள் விடியற்காலைக்கும் இடையில் எழுபது மணித்தியாலத்துக்குக் கிட்டப் போய்விட்டது.

இப்போது எட்டு மாதம். ராத்தா பொல்லோடு நடக்கிறார். சிறுநீருக்கு ஒரு நாளைக்கு நாலைந்து தரம் தானே சின்ன டியூப் போட்டு எடுக்கிறார். மரத்த இடத்தில் உணர்ச்சி வரவில்லை. மகளின் கலியாணம் முடிந்தது, ராத்தா மண்டபத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையே போயிருந்தால் முழுக்கச் சுகமாகியிருக்குமா? உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. சிலருக்கு விரைவாகப் போயும் மிச்சம் இருக்கிறது. ஆனால் வைத்தியர்கள் பிரித்துப் பார்க்கிற கோடு ஒன்று இருக்கிறது. சிறுநீர் கஷ்டப்பட்டாவது தன் கட்டுப்பாட்டில் போகிற கட்டத்தில் ஒபரேஷன் செய்தவர்களுக்கு நல்ல பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். பை முற்றாகச் செத்து வழிகிற கட்டத்துக்குப் போனபிறகு வாய்ப்புக் குறைவு. ராத்தா வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் கோட்டின் இந்தப் பக்கம் நின்றார். சனி இரவு அந்தப் பக்கம் போய்விட்டார். "48 மணித்தியாலம் இருக்கிறது" என்று நெட்டில் வாசித்துவிட்டு ஆறுதலாக இருக்காதீர்கள். அது காத்திருக்கத் தந்த தவணை இல்லை. இங்கிலாந்தில் இப்போதுள்ள தேசிய வழிகாட்டலில், சந்தேகம் வந்து ஸ்கேன் கேட்டால் நாலு மணித்தியாலத்துக்குள் எடுக்கச் சொல்கிறார்கள். நாளில் இல்லை, மணித்தியாலத்தில்.

இனி எங்கள் இரண்டாவது சண்டை, வெட்கத்தோடு.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று நாங்கள்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே மார்க்கத்தின் மதரஸாவில்தான் சுத்தம் பற்றிய பாடத்தில் மறைவிடத்தின் ஒவ்வொரு சட்டத்தையும் ஒளிவுமறைவு இல்லாமல் படித்தோம். கழுவுவதற்குச் சட்டம் கேட்க வெட்கமில்லை, கழுவுவது தெரியவில்லை என்று சொல்ல மட்டும் வெட்கமா? ஆண்களுக்கும் இதே கதைதான். மனைவியோடு இருக்க முடியாமல் போனது நாரி வலி வந்த அதே கிழமை என்றால் அது வயசும் இல்லை, செய்வினையும் இல்லை. அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஒரு ஆணும் சொல்வதில்லை.

டொக்டர்மாரையும் ஒரு வார்த்தை கேட்கத்தான் வேண்டும். பின்னேரம் சனல் பண்ணி, இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, உள்ளே மூன்று நிமிசம். "எங்க வலிக்குது?" என்று கேட்கிறார்கள். "கழுவும்போது தெரியுதா? சிறுநீர் வழமை போலப் போகுதா?" என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? ராத்தாவிடம் கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை, "இப்படி ஆனா உடனே வாங்க" என்றும் யாரும் சொல்லவில்லை. கேட்காவிட்டால் எங்கள் பெண்கள் சொல்லவே மாட்டார்கள் என்பது ஊரில் வேலை செய்கிற ஒவ்வொரு டொக்டருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்காமல் விடுவது நேரமில்லாத பிரச்சினை மட்டும் இல்லை.

அதனால் நீங்களே சொல்லப் பழகுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் "நாரி வலி" என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் ஊசி போட்டு, வரிசையில் விட்டுவிடுவார்கள். இப்படித் தொடங்குங்கள்: "முன்னுக்கும் பின்னுக்கும் மரத்துப்போயிருக்கு, கழுவும்போது தெரியல்ல, நேற்றிலிருந்து சிறுநீர் சரியாப் போகல்ல, ரெண்டு காலும் வலிக்குது." எப்போது தொடங்கியது என்ற நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் துண்டில் எழுதிக் கொடுங்கள். தமிழ் தெரியாத டொக்டராக இருந்தால் சிங்களத்தில் எழுதித்தர ஒருவரைப் பிடியுங்கள்.

அங்கே என்ன செய்வார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அங்கேயே எழும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். மரத்த இடத்தில் ஊசி முனையால் மெல்லத் தொட்டுக் கூர்மை தெரிகிறதா என்று கேட்பார்கள். கையுறை போட்டு மலவாசலில் விரலால் சோதித்து தசை இறுக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீர் கழிக்கச் சொல்லிவிட்டு, உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் அளப்பார்கள். போன பிறகும் 200 மில்லிலீட்டருக்கு மேல் நின்றால் சந்தேகம் பலமாகும். பெண்கள் பெண் டொக்டரைக் கேட்கலாம், இல்லாவிட்டால் ஒரு பெண் தாதியையும் வீட்டுப் பெண் ஒருவரையும் பக்கத்தில் நிற்க வைக்கக் கேட்கலாம். அந்த ஐந்து நிமிசச் சோதனையைத் தவிர்ப்பதற்காக வாழ்நாள் முழுக்க டியூபைக் கையால் போட வேண்டி வந்தால் எது பெரிய வெட்கம்?

எக்ஸ்ரேயைக் காட்டி "எலும்பு நல்லாயிருக்கு, போங்க" என்றால் போய்விடாதீர்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். டிஸ்க்கும் நரம்பும் தெரியாது. இதற்கு எம்.ஆர்.ஐ.தான். அது அந்த ஆஸ்பத்திரியில் இல்லாவிட்டால் இருக்கிற இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. வீட்டிலிருந்து போக வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்சும் இலவசம். ஓட்டோவில் குலுங்கி மூன்று இடத்துக்கு அலைவதை விட அது மேல்.

சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுக்கிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கொத்து நெருங்கியிருப்பதில்லை. வலி மாத்திரைகளில் சிலதே சிறுநீரை மந்தமாக்கும், மலச்சிக்கலையும் தரும். ஆகவே போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்தால் நல்லது, யாரும் "சும்மா பயந்திட்டு ஓடினா" என்று பேசத் தேவையில்லை. மாத்திரையாலா நரம்பாலா என்று பிரித்துச் சொல்வது ஸ்கேனின் வேலை, மாமியின் வேலை இல்லை.

வேறு சில குறிகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறோம். முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக நாரி வலி, காய்ச்சலோடும் மெலிவோடும் இரவில் விடாத வலி, வயதானவர் விழுந்தபின் வந்த வலி, பாதம் தூக்க முடியாமல் தரையில் இழுபடுவது. இவற்றையும் எண்ணெய்க்கு விடக் கூடாது. ஆனால் மணித்தியாலக் கணக்கு அதிகம் உள்ளது ராத்தாவுக்கு வந்ததுதான்.

இன்னொன்று. "நாரியில கத்தி வெச்சா பிறகு நடக்க ஏலாது" என்று சனிக்கிழமை ராத்தா வீட்டில் பேசியவர்கள் மூன்று பேர். மூவரும் படித்தவர்கள், ஒருவர் எங்களோடு படிப்பிக்கிறவர். ராத்தாவை நடக்கவிடாமல் செய்தது கத்தி இல்லை. கத்தி வருவதற்கு முன் போன நேரம்.

இதை எழுத ராத்தாவிடம் கேட்கப் போனபோது முதலில் வேண்டாம் என்றார். இரண்டு நாள் கழித்து அவரே கோல் எடுத்தார். பக்கத்து வீட்டு மருமகளுக்கு ஒரு காலில் நாரி வலியாம், உருவ ஆள் வரப் போகிறாராம். ராத்தா பொல்லை ஊன்றிக்கொண்டு போய், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையிடம் கேட்டாராம்: "கழுவக்குள்ள கை படுறது தெரியுதா?" தெரியுது என்றதாம் பிள்ளை. ஒரு கால்தானா? ஒரு கால்தான். சிறுநீர்? வழமை போலத்தான். "அப்ப பயப்படாத, நடந்து திரி, மாறினா எனக்கு ராவு பகல் பாராம சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தாராம். "சரி, இப்ப எழுதுங்க" என்றார்.